பாதுகாப்பு இடைவெளி

பொருளாதாரப் பக்கத்திற்குத் தலைப்புகள் எழுதிய காலம் என் பத்திரிகை வாழ்வில் ஏறத்தாழ ஆறு வருடங்கள். பங்குச்சந்தை உயர்ந்தது, வீழ்ந்தது, மீண்டது என்று மூன்று சொற்களையும் மாறிமாறிப் பயன்படுத்தி இரவுப் பதிப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்புவது வழக்கம். எது உயர்ந்தது, எதிலிருந்து வீழ்ந்தது, வீழ்ந்த பிறகும் அது மலிவானதுதானா என்ற கேள்விகளை அந்த ஆறு வருடங்களில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. கேட்காததன் விலையை 2011ஆம் ஆண்டில் செலுத்தினேன்.

போர் 2009 மேயில் முடிவுக்கு வந்தபோது கொழும்புப் பங்குச்சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டி சுமார் 2,000 புள்ளிகளில் நின்றது. அதுவே 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது. ஆசிரிய பீடத்தில் தேநீர் வேளையில் அரசியலைவிடப் பங்குகளைப் பற்றியே கூடுதலாகப் பேசினோம். நான் எச்சரிக்கையானவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதனால் உச்சத்தில் வாங்கவில்லை, காத்திருந்தேன். ஒரு கம்பனியின் பங்கு 190 ரூபாவிலிருந்து 120 ரூபாவுக்கு இறங்கியபோது, 70 ரூபா தள்ளுபடியில் கிடைக்கிறது என்று எண்ணி 3,000 பங்குகளை வாங்கினேன். மூன்று இலட்சத்து அறுபதினாயிரம் ரூபா. மகளின் மேற்படிப்புக்கென்று நிலையான வைப்பில் இருந்த பணம் அது.

2012 நடுப்பகுதியில் சுட்டி 5,000க்குக் கீழே வந்துவிட்டது. என் பங்கு அதைவிட வேகமாக வந்தது. 2013இல் பல்கலைக்கழகத்தின் முதல் தவணைக் கட்டணத்தைச் செலுத்தவேண்டிய நாள் நெருங்கியபோது 38 ரூபாவுக்கு விற்றேன். கையில் கிடைத்தது ஒரு இலட்சத்துப் பதினான்காயிரம். மிகுதிக்கு மனைவியின் காப்புகள் அடகு வைக்கப்பட்டன. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வசித்து வந்தார். யாழ்ப்பாணத்தவர், எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தே பேசுபவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, இந்தப் பங்கு முந்தி என்ன விலைக்குப் போனது எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டீர். அந்தக் கம்பனி என்ன பெறுமதி எண்டு ஒருக்காலும் சொல்லேல்லையே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று அவர் தமது அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்த புத்தகம் பெஞ்சமின் கிரஹம் 1949இல் வெளியிட்ட ‘புத்திசாலி முதலீட்டாளர்’. “கடைசி அத்தியாயத்தை முதலில் வாசியும்” என்றார். பாதுகாப்பு இடைவெளி என்பதே முதலீட்டின் மையக் கருத்து என்று கிரஹம் வாதிடும் அத்தியாயம் அது.

கிரஹம் நாற்காலியில் அமர்ந்து உபதேசம் செய்தவர் அல்லர். 1929இல் வோல் ஸ்ட்ரீட் சரிந்ததிலிருந்து 1932 வரையான காலத்தில் அவர் நிர்வகித்த முதலீடுகள் ஏறத்தாழ 70 சதவீதத்தை இழந்தன. கணக்கில் வல்லவரான அவர், கணக்கு மட்டும் போதாது, கணக்குப் பிழைத்தாலும் தாங்கும் ஓர் இடைவெளி வேண்டும் என்ற முடிவுக்கு அந்தக் காயத்தின் பின்னரே வந்தார். 1934இல் டேவிட் டொட்டுடன் இணைந்து எழுதிய நூலிலும் பின்னர் 1949இன் நூலிலும் அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு கம்பனிக்கு அதன் உழைப்பையும் உடைமையையும் அடிப்படையாகக் கொண்ட ஒரு பெறுமதி உண்டு. அதைத் துல்லியமாக எவராலும் அறியமுடியாது. மதிப்பிட மட்டுமே முடியும். மதிப்பீடு பிழைக்கும். ஆகவே மதிப்பிட்ட பெறுமதிக்கு மிகவும் கீழான விலையில் மட்டுமே வாங்கவேண்டும். பெறுமதிக்கும் விலைக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம்தான் பாதுகாப்பு இடைவெளி.

இதைக் கிரஹமின் மாணவரான வொரன் பஃபெட் 1984இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஒரு பாலத்தின் மூலம் விளக்கினார். முப்பதாயிரம் இறாத்தல் பாரத்தைத் தாங்கும் பாலத்தைக் கட்டிவிட்டு அதில் பத்தாயிரம் இறாத்தல் லொறிகளை மட்டுமே ஓட்டவேண்டும் என்பது அவரது உவமை. பொறியியலாளர் தமது கணக்கில் நம்பிக்கை இல்லாததால் அவ்வாறு செய்வதில்லை. கணக்கில் வராத ஒன்று எப்போதும் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

நான் செய்த தவறு இப்போது புரிகிறதல்லவா? என் ‘தள்ளுபடி’ 190 ரூபாவிலிருந்து அளக்கப்பட்டது. அது நேற்றைய விலை. பெறுமதியிலிருந்து நான் எதையும் அளக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பத்திரிகைக்காரனுக்குப் பொருத்தமான ஓர் உதாரணத்தின் மூலம் பார்க்கலாம். அது ஒரு பத்திரிகையின் கதை.

வொஷிங்டன் போஸ்ட் கம்பனி 1971இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 1973இல் அதன் கையில் அமெரிக்கத் தலைநகரின் முன்னணி நாளிதழ் இருந்தது. ‘நியூஸ்வீக்’ வாராந்த சஞ்சிகை இருந்தது. வொஷிங்டன், ஜாக்சன்வில், மயாமி ஆகிய நகரங்களில் தொலைக்காட்சி நிலையங்கள் இருந்தன. வோட்டர்கேட் விவகாரத்தை அந்தப் பத்திரிகை துருவிக்கொண்டிருந்த காலம் அது. புளோரிடாவிலிருந்த இரு நிலையங்களின் ஒலிபரப்பு அனுமதிப்பத்திரங்களைப் புதுப்பிப்பதற்கு எதிராக மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. பத்திரிகையை வழிக்குக் கொண்டுவரும் அழுத்தமாகவே அதைப் பலர் பார்த்தனர். அத்துடன் அமெரிக்கச் சந்தை முழுவதுமே 1973 தொடக்கத்திலிருந்து 1974 இறுதிவரை ஏறத்தாழ பாதியை இழந்த காலமும் அதுவே. பங்கின் விலை இறங்கிக்கொண்டே போனது.

அந்த வேளையில் சந்தை முழுக் கம்பனிக்கும் கொடுத்த விலை 8 கோடி டொலரிலிருந்து 10 கோடி டொலர் வரையில் இருந்தது. பஃபெட் அதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு நகரப் பத்திரிகையையோ தொலைக்காட்சி நிலையத்தையோ முழுதாக விலைக்கு வாங்குபவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்த விடயம். அவ்வாறான விற்பனைகள் அவ்வப்போது நடந்தன. அவற்றின் விலைகளும் வெளிவந்தன. பத்திரிகைக்கு ஒரு தொகை, சஞ்சிகைக்கு ஒரு தொகை, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தொகை என்று கூட்டிப் பார்த்தால் 40 கோடி டொலருக்கும் 50 கோடி டொலருக்கும் இடையில் வந்தது. இந்தக் கணக்கில் இரகசியம் ஏதுமில்லை. அந்தத் தொழிலைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதே தொகையையே சொல்லியிருப்பார்கள் என்று பஃபெட்டே பின்னர் எழுதினார். பெறுமதியின் கால்வாசி விலையில் அவரது பேர்க்ஷயர் ஹதவே நிறுவனம் 1 கோடியே 6 இலட்சம் டொலருக்குப் பங்குகளை வாங்கியது.

அந்த இடைவெளியின் அர்த்தத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். மதிப்பீடு பாதிக்குப் பாதி பிழையாக இருந்து, கம்பனியின் உண்மையான பெறுமதி 20 கோடி மட்டுமே என்றாலும், அவர் கொடுத்தது அதன் பாதி விலையே. புளோரிடா நிலையங்கள் இரண்டும் அனுமதியை இழந்திருந்தாலும் மிகுதிச் சொத்துக்கள் அந்த விலையைத் தாங்கியிருக்கும். எந்த அச்சம் விலையை வீழ்த்தியதோ அது முற்றாக உண்மையாகிவிட்டாலும் முதலீடு பிழைத்துக்கொள்ளும் என்ற நிலைதான் பாதுகாப்பு இடைவெளி.

அதன்பின் நடந்தது சிறு முதலீட்டாளர்கள் மனதில் வைக்கவேண்டிய பகுதி. விலை ஏறவில்லை. 1974 இறுதியில் அந்தப் பங்குகளின் சந்தை விலை 80 இலட்சம் டொலராக இறங்கியிருந்தது. அதாவது கால்விலைக்கு வாங்கிய பின்னரும் கால்வாசி நட்டம் தெரிந்தது. பாதுகாப்பு இடைவெளி விலை மேலும் விழுவதைத் தடுப்பதில்லை. விற்கவேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கே அது பாதுகாப்பு. பஃபெட்டுக்கு அடுத்த மாதம் பல்கலைக்கழகக் கட்டணம் செலுத்தவேண்டியிருக்கவில்லை, எனக்கு இருந்தது. நான் சரியான பங்கைச் சரியான விலையில் வாங்கியிருந்தாலும், அந்தப் பணத்தில் வாங்கியது தவறாகவே இருந்திருக்கும். காத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது என்றால், 1985 இறுதியில் பேர்க்ஷயரிடம் எஞ்சியிருந்த பங்குகளின் சந்தை விலை 20 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. 1981இல் போட்டிப் பத்திரிகையான ‘ஸ்டார்’ மூடப்பட்டதும், பங்கு மலிவாகக் கிடைத்த காலத்தில் கம்பனி தனது பங்குகளைத் தானே திரும்ப வாங்கியதும் அதற்கு உதவின.

இது பெரியவர்கள் கதை என்று சிலர் சொல்லலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர் இதை எவ்வாறு செய்வது? வங்கி அதிகாரி எனக்குக் கற்பித்த முறையை ஒரு கற்பனைக் கம்பனியை வைத்துச் சொல்கிறேன். அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு கம்பனி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 2 கோடிப் பங்குகள். பங்கின் விலை 110 ரூபாவிலிருந்து 72 ரூபாவுக்கு இறங்கியிருக்கிறது. கடந்த வருடம் வரி போக 18 கோடி ரூபா இலாபம். அதாவது பங்கொன்றுக்கு 9 ரூபா. எட்டு வருட இலாபத்தின் விலையில் ஒரு கம்பனி, அதுவும் உச்ச விலையிலிருந்து 35 சதவீதம் குறைவாக! 2011இல் இருந்த நான் அடுத்த நாள் காலையிலேயே தரகருக்குத் தொலைபேசி எடுத்திருப்பேன்.

இப்போதைய முறை வேறு. விலையைப் பார்க்கும் முன்னர் ஆண்டறிக்கைகளை எடுக்கவேண்டும். கொழும்புச் சந்தையில் பதிவான கம்பனிகளின் அறிக்கைகள் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏழு வருட இலாபத்தை ஒரு தாளில் எழுதவேண்டும். நமது கம்பனிக்கு அது கோடி ரூபாவில் 8, 10, 6, 11, 4, 13, 18 என்று இருக்கட்டும். கூட்டினால் 70 கோடி. சராசரி 10 கோடி. பங்கொன்றுக்கு 5 ரூபா. கடந்த வருடத்தின் 9 ரூபா அல்ல, இந்த 5 ரூபாதான் கம்பனியின் உழைக்கும் சக்தி என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு நல்ல வருடமும் ஒரு கெட்ட வருடமும் சேர்ந்தே ஒரு தொழிலைக் காட்டுகின்றன என்பதால்தான் கிரஹமும் பல வருடச் சராசரியை வற்புறுத்தினார்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் ரூபாவின் பெறுமதி டொலருக்கு 200இலிருந்து 360 வரை சரிந்தபோது, பழைய விலையில் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்த மூலப்பொருளைப் புதிய விலையில் விற்ற கம்பனிகள் பெரும் இலாபம் காட்டின. அந்த இலாபம் ஒருமுறை மட்டுமே வருவது. அதே மூலப்பொருளை மீண்டும் வாங்கச் செல்லும்போது அது கரைந்துவிடும். அப்படியான ஒரு வருடத்தை மட்டும் வைத்துப் பெறுமதியைக் கணித்தவர்கள் ஏமாந்தார்கள்.

அடுத்தது, இந்த 5 ரூபாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வி. அரசாங்கத்தின் நீண்டகாலத் திறைசேரி முறி 10 சதவீதம் தருகிறது என்று வைப்போம். ஆபத்தில்லாமல் நூறு ரூபாவுக்குப் பத்து ரூபா கிடைக்கும்போது, ஆபத்துள்ள அட்டைப்பெட்டிக் கம்பனி அதைவிடக் கூடுதலாகத் தரவேண்டும். பன்னிரண்டரை ரூபா கேட்போம். நூறு ரூபாவுக்குப் பன்னிரண்டரை என்றால் இலாபத்தின் எட்டு மடங்கு. ஐந்தை எட்டால் பெருக்க 40 ரூபா. கம்பனியின் வங்கி வைப்புகளிலிருந்து எல்லாக் கடன்களையும் கழித்தால் 10 கோடி ரூபா மிஞ்சுகிறது. பங்கொன்றுக்கு 5 ரூபா. இந்த வைப்புகளின் வட்டியை இலாபக் கணக்கிலிருந்து முன்கூட்டியே நீக்கியிருக்கவேண்டும். இல்லாவிடில் ஒரே பணத்தை இருமுறை எண்ணுவோம். ஆக மதிப்பிட்ட பெறுமதி 45 ரூபா.

எட்டு என்ற அந்த எண் வேதவாக்கு அல்ல. 2022இன் பிற்பகுதியில் நமது திறைசேரி உண்டியல்கள் சுமார் 30 சதவீதம் தந்தன. அவ்வேளையில் எட்டால் பெருக்கியிருந்தால் என்னை நானே ஏமாற்றியிருப்பேன். மூன்று மடங்குக்கு மேல் கொடுப்பதற்கு அன்று நியாயம் இருக்கவில்லை.

கடைசியாக இடைவெளி. கிரஹம் கம்பனியின் நடைமுறைச் சொத்துக்களிலிருந்து எல்லாக் கடனையும் கழித்து, மிஞ்சுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடுக்காத ஒரு வழக்கத்தைக் கொண்டிருந்தார். அதே மூன்றில் இரண்டை நான் இந்த மதிப்பீட்டுக்கும் பயன்படுத்துகிறேன். 45இல் மூன்றில் இரண்டு 30 ரூபா. அந்த எண்ணைத் திகதியுடன் கொப்பியில் எழுதிவைத்த பின்னரே சந்தை விலையைப் பார்ப்பேன். 72 ரூபா! மலிவாகத் தோன்றிய பங்கு பெறுமதியைவிட 60 சதவீதம் கூடுதலான விலையில் நிற்கிறது.

30 ரூபாவுக்கு வாங்கினால் என்ன பாதுகாப்பு என்று சோதித்துப் பார்க்கலாம். என் கணக்குப் பிழைத்து, கம்பனி உண்மையில் பங்கொன்றுக்கு 4 ரூபா மட்டுமே உழைக்கக்கூடியது என்றால் பெறுமதி 37 ரூபா, நான் தப்பித்தேன். 3 ரூபா மட்டுமே என்றால் பெறுமதி 29 ரூபா. ஒரு ரூபா நட்டம். அதாவது உண்மையான உழைப்பு மதிப்பிட்டதைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தாலும் ஏறத்தாழ முதல் மிஞ்சுகிறது. 72 ரூபாவுக்கு வாங்கியவரோ முதலாவது சிறிய பிழையிலேயே பாதியை இழக்கிறார்.

அந்த 30 ரூபா எப்போது வரும்? பல பங்குகளுக்கு வரவே வராது. என் கொப்பியில் இப்போது பதினேழு கம்பனிகள் இருக்கின்றன, பத்து வருடங்களுக்கு மேலாக எழுதி வருகிறேன், வாங்கியது ஐந்து. மிகுதி நேரமெல்லாம் பணம் வைப்பிலும் திறைசேரி உண்டியல்களிலும் இருந்தது. நிதியம் நடத்துபவர் மூன்று வருடம் ஒன்றும் வாங்காமல் இருந்தால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். என்னை எவரும் கேள்வி கேட்பதில்லை. சிறு முதலீட்டாளருக்கு இருக்கும் மிகப் பெரிய அனுகூலம் இதுதான். அதேவேளை நமது சந்தையில் சிறு கம்பனிகளின் பங்குகள் சில நாட்களில் கைமாறுவதே இல்லை. வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் கேட்கும் விலைக்கும் இடையில் பெரும் வித்தியாசம் இருக்கும். ஆகவே இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று எல்லை குறிப்பிட்டே தரகரிடம் சொல்லவேண்டும். ‘கிடைக்கும் விலைக்கு வாங்குங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தில் பாதி இடைவெளி போய்விடும்.

கொவிட் முடக்கத்திற்குப் பின்னர் 2020 மேயில் சந்தை மீண்டும் திறந்தபோது என் கொப்பியில் 30 என்றிருந்த ஒரு பங்கு 28 ரூபாவுக்குக் கிடைத்தது. வாங்கினேன். சில வாரங்களில் 23 ஆனது. 2011இன் நினைவில் இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் கொப்பியைத் திறந்து கணக்கை மீண்டும் போட்டேன். இலாபச் சராசரி மாறவில்லை, கடன் கூடவில்லை, மாறியது விலை மட்டுமே. வைத்திருந்தேன். அது பின்னர் என் மதிப்பீட்டைத் தாண்டியபோது விற்றேன். பெரிய தொகை அல்ல. ஆனால் அடகிலிருந்து மீட்கமுடியாமல் போன ஒரு சோடிக் காப்புக்குப் பதிலாகப் புதிய சோடி ஒன்று வாங்குவதற்கு அது போதுமாக இருந்தது.

ஐந்தும் அப்படி முடியவில்லை. இன்னொரு கம்பனி வருடாவருடம் இலாபம் காட்டியது. என் கணக்கில் பெரிய இடைவெளியும் இருந்தது. ஆனால் இலாபம் காசாக வரவில்லை. விற்பனை பத்து வீதம் கூடியபோது, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய கடன் அதன் மூன்று மடங்கு வேகத்தில் கூடிக்கொண்டிருந்தது. காசுப் பாய்ச்சல் கூற்று என்ற பக்கத்தைப் பார்த்திருந்தால் இலாபத்துக்கும் கைக்கு வந்த காசுக்கும் இடையிலான தூரம் மூன்று வருடங்களாக அங்கேயே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அறவிடமுடியாக் கடன் என்று ஒரே வருடத்தில் பெருந்தொகை வெட்டப்பட்டபோது பெறுமதியே பாதியாகிவிட்டது. பெறுமதி என்று நாம் எழுதும் எண் பொய்யான இலாபத்தில் நின்றால் அதிலிருந்து அளக்கும் இடைவெளியும் பொய்தான். கிரஹம் இதை மறைக்கவில்லை. பாதுகாப்பு இடைவெளி இருந்தும் தனியொரு முதலீடு நட்டப்படலாம். பலவற்றில் பரப்பும்போதே அது தன் வேலையைச் செய்கிறது என்று காப்புறுதிக் கம்பனியின் கணக்கை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அந்த நட்டம் என் மொத்த முதலீட்டில் ஐந்தில் ஒன்றில் நிகழ்ந்ததால் வீட்டில் எவருக்கும் அது தெரியவரவில்லை.

இன்னுமொரு எல்லை இருக்கிறது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அதை எழுதாமல் விடமுடியாது. வொஷிங்டன் போஸ்ட் கம்பனியின் 40 கோடி டொலர் பெறுமதி, விளம்பரதாரர்களுக்கு வேறு வழியில்லாத ஒரு காலத்தின் பெறுமதி. இணையம் வந்தபின் அந்த வழி திறந்துவிட்டது. 2010இல் ‘நியூஸ்வீக்’ ஒரு டொலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதன் கடன் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டார். 2013இல் வொஷிங்டன் போஸ்ட் நாளிதழை ஜெஃப் பெசோஸ் 25 கோடி டொலருக்கு வாங்கினார். பஃபெட்டும் தம்மிடம் சேர்ந்திருந்த பத்திரிகைகளை 2020இல் 14 கோடி டொலருக்கு விற்று அந்தத் தொழிலிலிருந்து வெளியேறினார். விலை பெறுமதியை நோக்கி ஏறுவதற்குக் காத்திருப்பது பொறுமை. பெறுமதி விலையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போதும் காத்திருப்பது பிடிவாதம். இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபடுத்திக் காண ஒரே வழி, ஒவ்வொரு வருடமும் ஆண்டறிக்கை வந்ததும் பழைய எண்ணைப் பார்க்காமல் கணக்கைப் புதிதாகப் போடுவதுதான். மூன்று வருடம் தொடர்ந்து பெறுமதி குறைந்தால், பங்கு எவ்வளவு மலிவாகத் தோன்றினாலும் நான் விற்றுவிடுகிறேன்.

வங்கி அதிகாரி காலமாகிச் சில வருடங்களாகின்றன. அவர் தந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சென்ற மாதம், மகள் தனது முதல் சேமிப்பில் ஒரு பங்கு வாங்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னாள். “அப்பா, அது போன வருஷம் 90க்குப் போனது, இப்ப 55” என்றாள்.

“அது கிடக்கட்டும் பிள்ளை. கம்பனி என்ன பெறுமதி?” என்று கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. புத்தகத்தை மறுநாளே தபாலில் அனுப்பினேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு அடையாளத் தாளும் வைத்திருக்கிறேன்.